கொத்தனார் கையில் கொடுக்கக்கூடிய கடிதம்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. இந்த மூன்று மாதங்களில் வாடகை வீட்டில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான். மேல்தளம் ஒழுகுகிறது. வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று. "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்" என்றார். ஒரு மாதம் ஓடிவிட்டது. இனி எழுத்தில் கொடுத்துவிடுவோம் என்று குடும்பத் தலைவர் ஒரு தாளை எடுக்கிறார். அந்த நேரத்தில் அவர் கையிலிருக்கும் எழுதுகோலை நடத்துவது மழையன்று. ஒரு மாதக் கோபம்.

நம் மஹல்லாக்களில் இந்தக் கடிதத்துக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். அதே பள்ளிவாசலில் அடுத்த வரிசையில் தொழுபவர்; நம் பிள்ளைகளின் நிகாஹுக்கு வந்து வாழ்த்தியவர்; சில வேளைகளில் ஜமாஅத் நிர்வாகத்தில் இருப்பவர். எனவே நாம் முதலில் மரியாதை கருதி வாயை மூடிக்கொள்கிறோம். பிறகு பொறுக்க இயலாத ஒரு நாளில் மொத்தத்தையும் கொட்டிவிடுகிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கடிதத்தின் உறுதி தேதிகளிலும் விவரங்களிலும் இருக்க வேண்டும். வீட்டுக்காரரின் குணத்தைப் பற்றிய தீர்ப்புகளில் அன்று. இதைச் சோதித்துப் பார்க்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் நம் கடிதத்தை அப்படியே கொத்தனார் கையில் கொடுத்தால், எங்கே என்ன வேலை செய்ய வேண்டும் என்று கொத்தனாருக்குப் புரிய வேண்டும். புரியாவிட்டால் நாம் எழுதியது முறையீடு ஆகாது, வெறும் புலம்பல்தான்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்வோம். பெயர்களையும் தெருவையும் நீக்கிவிட்டோம். கணவன், மனைவி, ஏழு வயதுப் பையன், வயதான உம்மா ஆகிய நால்வரும் மேல்மாடி வீட்டில் குடியிருக்கிறார்கள். மாத வாடகை 11,000 ரூபாய். வீட்டுக்காரர் அதே மஹல்லாவைச் சேர்ந்த ஹாஜியார் ஒருவர். அவர்கள் முதலில் எழுதிவைத்த கடிதம் இது:

"ஹாஜியார் அவர்களுக்கு, ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்துவிட்டது. நீங்கள் ஒருநாளும் எங்களைக் கண்டுகொண்டதே இல்லை. வீடு முழுவதும் ஒழுகுகிறது. மனிதர்கள் வாழக்கூடிய வீடா இது? வாடகை வாங்க மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் ஆள் வருகிறது. எங்கள் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு. உங்களுக்கு அல்லாஹ்வின் அச்சம் இருந்தால் இப்படி நடந்துகொள்வீர்களா? உடனடியாகச் சரிசெய்யாவிட்டால் வாடகை தரமாட்டோம். ஜமாஅத்திலும் சொல்வோம், கோர்ட்டுக்கும் போவோம்."

இதில் உள்ள வேதனை பொய்யன்று. ஆயினும் இதைப் படிக்கும் ஹாஜியாருக்கு எந்த அறையில் ஒழுகுகிறது என்று தெரியாது. எப்போது தொடங்கியது, எவ்வளவு நீர் இறங்குகிறது, பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அஞ்சுகிறார்கள் என்பவையும் தெரியா. உண்மையில் அந்த வீட்டில் மிகவும் அஞ்சத்தக்க செய்தி, பையன் படுக்கும் அறையில் சுவிட்ச் போர்டு இருக்கும் சுவரே நனைந்திருப்பதுதான். அந்தச் செய்தி கடிதத்தில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. கோபம் தாளை நிறைத்தது. ஆபத்துக்கு அதில் இடமில்லாமல் போயிற்று.

அடுத்து, "வீடு முழுவதும் ஒழுகுகிறது" என்ற வரியைப் பாருங்கள். ஒழுகியது ஓர் அறை மட்டுமே. கூடமும் சமையலறையும் உலர்ந்தே இருந்தன. ஹாஜியார் மாடியேறி வந்து கூடத்தைப் பார்த்துவிட்டு, "இங்கே காய்ந்துதானே இருக்கிறது?" என்று கேட்டால், மீதமுள்ள உண்மையும் அந்த ஒரு மிகைக்குள் மூழ்கிவிடும். "ஒருநாளும் கண்டுகொண்டதே இல்லை" என்பதும் அத்தகையதே. முந்திய கோடையில் தண்ணீர் மோட்டார் பழுதானபோது இரண்டே நாளில் புது மோட்டார் பொருத்தித் தந்தவர் அவர். அதை அவர் மறந்திருக்க மாட்டார். செய்த ஒன்றை இல்லையென்று சொல்லும் கடிதத்தில் மற்ற வரிகளையும் அவர் நம்பமாட்டார்.

"அல்லாஹ்வின் அச்சம் இருந்தால்" என்ற வரி நம்மவர்களின் கடிதங்களில் தவறாமல் இடம்பெறுவது. எழுதுபவருக்கு அது நினைவூட்டலாகத் தோன்றும். படிப்பவருக்கோ அது தம் ஈமானின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. தளத்தில் விரிசல் இருக்கிறதா என்பதை ஏறிப் பார்த்து உறுதி செய்யலாம். ஒருவர் உள்ளத்தில் இறையச்சம் இருக்கிறதா என்பதை நாம் பார்த்து உறுதி செய்ய இயலாது. அவராலும் மெய்ப்பிக்க இயலாது. விடை சொல்ல வழியில்லாத குற்றச்சாட்டுக்கு மனிதர் தரும் மறுமொழி கோபம் ஒன்றுதான். மார்க்கத்தை மிரட்டலின் கருவியாக்கும் இந்த ஒரு வரியை நீக்கினாலே கடிதத்தின் சூடு பாதி தணிந்துவிடும்.

மிரட்டல்களுக்கு வருவோம். வாடகை நிறுத்தம், ஜமாஅத், நீதிமன்றம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் நடக்காது என்று படிப்பவர் கணக்கிட்டுக்கொள்வார். அவற்றிலும் வாடகையை நிறுத்துவது குடியிருப்பவருக்கே கேடு. வாடகை பாக்கி என்பது வீட்டைக் காலி செய்யக் கோருவதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்களுள் ஒன்று. அதுவரை ஹாஜியாரின் பக்கம் இருந்த குறை, வாடகையை நிறுத்திய மாதம் முதல் நம் பக்கமும் வந்துவிடும்.

"உடனடியாக" என்ற சொல் கடுமையாக ஒலித்தாலும் அதற்குள் ஒரு தேதி இல்லை. மேலும், அது செய்ய இயலாத கோரிக்கை. மொட்டை மாடியில் நீர்த்தடுப்புப் பூச்சு பூச வேண்டுமானால் தளம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் அது பிடிக்காமல் உரிந்துவிடும். ஆகவே நவம்பர் மழையின் நடுவே "முழுவதையும் உடனே சரிசெய்" என்றால், "மழையில் எப்படியப்பா செய்வது?" என்ற நியாயமான மறுமொழி கிடைக்கும். அந்த மறுமொழியைச் சாக்காக வைத்து, மழையிலும் செய்யக்கூடிய வேலைகள்கூட நின்றுபோகும்.

இனி, பகைமை ஒலி தமிழில் எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அது வசைச்சொற்களிலிருந்து வருவதில்லை. சின்னஞ்சிறு இடைச்சொற்களிலிருந்து வருகிறது. "வாடகை வாங்க மட்டும்", "நீங்கள்தான்", "கண்டுகொண்டதே", "ஒரு போன்கூட" ஆகியவற்றில் மட்டும், தான், ஏ, கூட என்பவையே முட்கள். கடிதத்தை எழுதி முடித்த பின் இந்நான்கையும் தேடிப் பார்த்து, நீக்கினாலும் பொருள் குறையாத இடங்களிலெல்லாம் நீக்கிவிடுங்கள். "வாழக்கூடிய வீடா இது?" போன்ற விடை வேண்டாத வினாக்களையும் அவ்வாறே நீக்குங்கள். பிறகு வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள். "நீங்கள் இன்னும் சரிசெய்யவில்லை" என்றால் எழுவாய் மனிதர். "பணி இன்னும் தொடங்கவில்லை" என்றால் எழுவாய் பணி. இரண்டும் சொல்வது ஒரே உண்மையைத்தான். ஆனால் இரண்டாவது, ஹாஜியாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமலேயே அதைச் சொல்கிறது.

கடுமைக்கு அஞ்சி மறுபுறம் சாய்பவர்களும் உண்டு. அந்த வீட்டு உம்மா, கடிதம் வேண்டாம் என்றும், எழுதினால் இப்படி எழுது என்றும் ஒரு வரி சொன்னார்: "தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், நேரம் கிடைக்கும்போது ஒருமுறை மாடியைப் பார்த்தால் நலமாக இருக்கும்." இதில் பகைமை இல்லை, கோரிக்கையும் இல்லை. சிரமம் இல்லையென்றால் என்ற நிபந்தனை ஒன்று, நேரம் கிடைக்கும்போது என்ற நிபந்தனை மற்றொன்று. பார்த்தால் போதும், செய்ய வேண்டியதில்லை. தமிழில் மரியாதைக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. ஸலாம், "தாங்கள்", "அவர்கள்" என்பன அதைச் சுமக்கும். அங்கே தாராளமாக இருக்கலாம். வினைச்சொல்லில் மட்டும் தளர்ச்சி கூடாது. "பார்த்தால் நலம்" என்பதைவிட "நவம்பர் 10-க்குள் செய்துதர வேண்டுகிறோம்" என்பதில் மரியாதை எள்ளளவும் குறைவதில்லை.

ஆக, எழுத உட்காருவதற்கு முன்பே வேலை தொடங்குகிறது. அந்தக் குடும்பத்தாரிடம் பையனின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, ஒழுகிய நாள்களையும் சொல்லிய நாள்களையும் எழுதிவைக்கச் சொன்னோம். கொடுக்கல் வாங்கலைத் தேதியோடு எழுதிவைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடனை எழுதிக்கொள்வது பற்றியது. வாடகையும் ஒரு கொடுக்கல் வாங்கல்தான்.

நோட்டில் எழுத வேண்டியவை அதிகமில்லை. மழை எப்போது பெய்தது, எத்தனை மணி நேரத்தில் சொட்டத் தொடங்கியது, எப்போது நின்றது, கீழே வைத்த வாளி எவ்வளவு நிறைந்தது என்பவை போதும். மழையில்லாத நாள்களில் அந்த இடம் காய்கிறதா என்பதையும் எழுத வேண்டும். இது மிக முக்கியம். மழை பெய்தால் நனைந்து, சில நாள் வெயிலில் காய்ந்தால் நீர் மொட்டை மாடியிலிருந்து இறங்குகிறது என்று கொள்ள இடமுண்டு. மழையே இல்லாமலும் ஈரம் நீடித்தால் சுவருக்குள் செல்லும் தண்ணீர்க் குழாயையோ, அருகிலுள்ள குளியலறையையோ ஐயப்பட வேண்டும். இரண்டுக்கும் வேலை வேறு, ஆளும் வேறு. ஆயினும் கடிதத்தில் நாம் கண்டதை எழுத வேண்டுமே தவிர, காரணத்தை அறுதியிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. "மட்டமான சிமெண்டு போட்டுக் கட்டியிருக்கிறீர்கள்" என்பது தீர்ப்பு. "மழைநீர் வடியும் குழாயின் அருகே தட்டோடுகளின் இணைப்பு இரண்டு இடங்களில் விட்டிருக்கிறது" என்பது கண்டது. தேதியோடு எடுத்த மூன்று நான்கு ஒளிப்படங்களும் வேண்டும். அறை முழுவதும் தெரியும்படி ஒன்று, சொட்டும் இடம் அருகில் ஒன்று, சுவிட்ச் போர்டு ஒன்று, மேலே தளத்தில் ஒன்று.

இவற்றைக் கொண்டு திருத்தி எழுதிய கடிதம் இவ்வாறு அமைந்தது:

"நாள்: 04.11.2024

மதிப்பிற்குரிய ஹாஜியார் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பொருள்: மேல்மாடி வீட்டின் வடக்கு அறையில் மழைநீர் ஒழுகுதல், சுவிட்ச் போர்டு நனைதல்.

தங்கள் வீட்டின் மேல்மாடியில் மூன்று ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறோம். சென்ற கோடையில் மோட்டார் பழுதானபோது தாங்கள் இரண்டு நாளில் மாற்றித் தந்ததை நன்றியுடன் நினைவுகூர்கிறோம்.

அக்டோபர் 15, 22, நவம்பர் 1 ஆகிய நாள்களில் மழை பெய்தபோது, வடக்கு அறையின் வடகிழக்கு மூலையில் கூரையிலிருந்து நீர் சொட்டியது. மழை தொடங்கி இரண்டு மணி நேரத்தில் சொட்டத் தொடங்கி மறுநாள் நண்பகல் வரை நீடிக்கிறது. நவம்பர் 1 இரவு ஒரு வாளி நிறைந்தது. மழையில்லாத நாள்களில் அவ்விடம் காய்ந்துவிடுகிறது. மற்ற அறைகளில் ஒழுகல் இல்லை. மாடியில் மழைநீர் வடியும் குழாயில் இலைகள் அடைத்துள்ளன. அதன் அருகே தட்டோடுகளின் இணைப்பு இரண்டு இடங்களில் விட்டிருக்கிறது.

அதே மூலைக்குக் கீழே சுவிட்ச் போர்டு உள்ளது. நவம்பர் 1 இரவு அதனுள் நீர் இறங்கி, அந்த அறையின் மின்சாரம் தானாகத் துண்டித்துக்கொண்டது. அன்று முதல் அந்த அறைக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்திவைத்திருக்கிறோம். அது எங்கள் ஏழு வயது மகன் படுக்கும் அறை.

இதுபற்றி அக்டோபர் 16 அன்று தொலைபேசியிலும், அக்டோபர் 25 அன்று ஜும்ஆவுக்குப் பின் நேரிலும் தங்களிடம் தெரிவித்திருந்தோம். பணி இன்னும் தொடங்கவில்லை.

தங்களிடம் வேண்டுவன மூன்று:

ஒன்று, சுவிட்ச் போர்டையும் அதற்கு வரும் வயர்களையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு நவம்பர் 7-க்குள் சோதித்துச் சரிசெய்துதர வேண்டுகிறோம்.

இரண்டு, மழைநீர்க் குழாயின் அடைப்பை நீக்கி, விட்டுள்ள இணைப்புகளைத் தற்காலிகமாக அடைக்கும் பணியை நவம்பர் 10-க்குள் செய்துதர வேண்டுகிறோம்.

மூன்று, தளத்தின் நிரந்தரச் சீரமைப்பு மழைக்காலம் முடிந்த பிறகே இயலும் என்பதை அறிவோம். ஜனவரியில் எந்த வாரத்தில் அதைத் தொடங்கலாம் என்பதை நவம்பர் 15-க்குள் தெரிவிக்க வேண்டுகிறோம்.

எலக்ட்ரீஷியனை 7-ஆம் தேதிக்குள் அனுப்புவது தங்களுக்கு இயலாதெனில், நாங்களே ஏற்பாடு செய்கிறோம். பொருளும் கூலியும் சேர்த்து 1,800 ரூபாய் ஆகும் என்று விசாரித்ததில் தெரிந்தது. ரசீதைத் தங்களிடம் தந்து அத்தொகையை டிசம்பர் வாடகையில் கழித்துக்கொள்ளத் தங்கள் ஒப்புதலை வேண்டுகிறோம்.

நவம்பர் வாடகையை வழக்கம்போல 5-ஆம் தேதி செலுத்துகிறோம். பணியாளர்கள் காலை 9 மணி முதல் மாலை 6 மணிக்குள் எந்நேரமும் வரலாம். வீட்டில் ஆள் இருப்போம். வருவதற்கு முன் தொலைபேசியில் தெரிவித்தால் போதும். ஒளிப்படங்கள் நான்கு இணைத்துள்ளோம்.

வஸ்ஸலாம்.
இவண், மேல்மாடிக் குடியிருப்போர்."

இக்கடிதம் முந்தியதைவிட நீளமானது. ஆயினும் கடுமையில் அது குறைந்ததன்று என்பதே எம் கருத்து. முந்திய கடிதத்துக்கு ஹாஜியார் "என்னைப் பார்த்தா இப்படிச் சொல்கிறாய்?" என்று மறுமொழி சொல்லியிருக்கலாம். இக்கடிதத்துக்கு அப்படிச் சொல்ல இடமில்லை. 7, 10, 15 என்ற மூன்று தேதிகளுக்கு ஆம் என்றோ இல்லையென்றோதான் சொல்ல முடியும்.

மோட்டாரைப் பற்றிய வரி முகத்துதி அன்று. அது நடந்த உண்மை; தாங்கள் விரைந்து செய்யக்கூடியவர் என்பதற்கு அவருடைய செயலையே சான்றாக வைக்கிறது. "மற்ற அறைகளில் ஒழுகல் இல்லை" என்ற வரியும் நமக்கு எதிரானது போலத் தோன்றும். ஆனால் தமக்குச் சாதகமில்லாத உண்மையையும் சொல்பவரின் வார்த்தை நம்பத்தக்கதாகிறது. அத்துடன், செலவு ஒரு மூலையோடு முடியும் என்ற ஆறுதலையும் அது வீட்டுக்காரருக்குத் தருகிறது. பல வீட்டுக்காரர்கள் மறுமொழி சொல்லாமல் இருப்பது கல்நெஞ்சத்தால் அன்று. எவ்வளவு செலவு இழுக்குமோ என்ற அச்சத்தால். வாடகையையே நம்பி வாழும் முதியவர்களும் விதவைகளும் நம் வீட்டுக்காரர்களில் இருக்கிறார்கள்.

மூன்று வேண்டுகோளையும் ஆபத்தின் வரிசையில் அடுக்கியிருப்பதைக் கவனியுங்கள். மின்சாரம் முதலில், தற்காலிக அடைப்பு அடுத்து, நிரந்தரப் பணி கடைசியில். மூன்றையும் ஒன்றாகக் கேட்டிருந்தால் கடைசிப் பணியின் செலவு முதல் பணியையும் தடுத்திருக்கும். மூன்றாவது வேண்டுகோளில் அவர்கள் கேட்டது பணியை அன்று; பணிக்கான தேதியை. "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்" என்பதற்கும் "இன்ஷா அல்லாஹ், ஜனவரி இரண்டாம் வாரம்" என்பதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். அந்தப் புனிதமான சொல்லைத் தள்ளிப்போடும் சொல்லாக நம்மில் பலர் பழக்கிவிட்டோம். ஒரு தேதியோடு சேரும்போது அது மீண்டும் வாக்குறுதியாகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். நனைந்த சுவிட்ச் போர்டின் விஷயத்தில் கடிதத்துக்கும் மறுமொழிக்கும் காத்திருக்கக் கூடாது. அந்த அறையின் மின்சாரத்தை முதலில் நிறுத்துங்கள். பிறகு எழுதுங்கள்.

கடிதத்தைச் சேர்ப்பிப்பதிலும் முறை இருக்கிறது. இரண்டு படிகள் எடுத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நம் படியில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியுடன் கையொப்பம் வாங்குவது நல்லது. கையொப்பம் கேட்பது கூச்சமாக இருந்தால், நேரில் கொடுத்த அன்றே கடிதத்தின் ஒளிப்படத்தையும் மற்ற படங்களையும் வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நாளும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடும். அவருக்கு மட்டும் அனுப்புங்கள். மஹல்லாக் குழுவில் போட்டுவிட்டால் ஒழுகும் கூரை பின்னே போய், ஹாஜியாரின் மானம் முன்னே வந்து நிற்கும். பிறகு அவர் கூரையைச் சரிசெய்தாலும் குழுவுக்குப் பணிந்து செய்தவராகத் தெரிவார். அதனாலேயே செய்யாமலும் விடலாம். அவரில்லாத இடத்தில் அவர் குறையைப் பேசுவதன் பாவம் தனி.

தேதி கடந்தும் மறுமொழி இல்லையென்றால் இரண்டாம் கடிதம் நீளக் கூடாது. மூன்று வரி போதும்: "நவம்பர் 4 தேதியிட்ட எங்கள் கடிதத்தில் மூன்று பணிகளை வேண்டியிருந்தோம். முதல் இரண்டுக்கும் குறித்த நாள்கள் கடந்துவிட்டன, பணி தொடங்கவில்லை. நவம்பர் 20-க்குள் தங்கள் மறுமொழி கிடைக்காவிட்டால், தாங்களும் நாங்களும் மதிக்கும் ஜமாஅத் பெரியவர் ஒருவரை வைத்துப் பேச விரும்புகிறோம்." இங்கே ஜமாஅத் மிரட்டலாக வரவில்லை, அடுத்த படியாக வருகிறது. சொன்ன நாளில் அந்தப் படியை எடுத்துவைக்க வேண்டும். செய்ய எண்ணமில்லாத எதையும் எழுதக் கூடாது.

சட்டத்தை எப்போது எழுதுவது என்று சிலர் கேட்கிறார்கள். முதல் கடிதத்தில் வேண்டாம். ஆனால் நாம் அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வகுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. எந்தப் பழுது யார் பொறுப்பு என்று அதன் அட்டவணை பிரித்துக் காட்டுகிறது. கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுதுகள், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்வயர் வேலைகள் முதலியன வீட்டுக்காரருடையவை. தண்ணீர்த் திருகு, அதன் வாஷர், சுவிட்ச், பூட்டு, கைப்பிடி போன்ற அன்றாடத் தேய்மானங்கள் குடியிருப்பவருடையவை. எனவே கடிதம் எழுதுமுன் இந்தப் பிரிவையும் நம் ஒப்பந்தப் பத்திரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாமே மாற்ற வேண்டிய ஒரு திருகை ஒழுகும் கூரையோடு சேர்த்து எழுதினால், வீட்டுக்காரர் திருகைப் பற்றி வாதாடிக் கூரையை மறந்துவிடுவார்.

இத்தகைய கடிதம் எல்லாக் கதவையும் திறந்துவிடும் என்று சொல்ல மாட்டோம். நம்மைக் காலி செய்ய வைத்துக் கூடுதல் வாடகைக்கு விட எண்ணியிருப்பவரை எந்த நடையும் அசைக்காது. அப்போதும் அக்கடிதம் வீணாவதில்லை. ஜமாஅத்தில் சமரசம் பேசும் பெரியவரின் முன்னும், வாடகைத் தகராறுகளுக்கென அச்சட்டம் அமைத்துள்ள அதிகாரியின் முன்னும் முதலில் வைக்கப்படும் தாள் அதுவாகவே இருக்கும். அங்கே அதைப் படிப்பவர் ஹாஜியாரையும் அறியார், நம்மையும் அறியார். கோபத்தில் எழுதிய கடிதம் அவரிடம் நம் கோபத்தைப் பற்றி மட்டுமே பேசும். தேதியும் மூலையும் வாளியும் எழுதிய கடிதம் கூரையைப் பற்றிப் பேசும்.

ஆகவே எழுதியதை அனுப்புமுன் வீட்டிலுள்ள ஒருவரிடம் கொடுத்து, அவரை வீட்டுக்காரராகப் பாவித்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் அவர் குரல் உயர்கிறதோ அந்த வரியை மாற்றுங்கள். படித்து முடித்ததும், "எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும்?" என்று அவரிடம் கேளுங்கள். தாளைப் பாராமல் அவர் சொல்லிவிட்டால் கடிதத்தை அனுப்பலாம்.